வெபினார் அழைப்பு மெயிலில் ‘ஏன் வர வேண்டும்?’ என்பதை எழுதுவது எப்படி

கேள்வி: “கணக்குப் பிரிவுகளுக்கான ஒரு மென்பொருளை விற்கிறோம். வங்கி ஸ்டேட்மென்ட்டில் வரும் தொகைகளை இன்வாய்ஸ்களோடு அது பொருத்தித் தரும். மாதம் ஒரு டெமோ வெபினார் நடத்துகிறோம். அழைப்பு மெயிலை 40 சதவீதம் பேர் திறப்பதாகக் காட்டுகிறது, ஆனால் பதிவு செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் வருவதில்லை. மெயில் இப்படித் தொடங்கும்: ‘எங்கள் புதிய பதிப்பின் அற்புத அம்சங்களை அறிந்துகொள்ள உங்களை அன்புடன் அழைக்கிறோம்.’ எங்கே தவறு, எப்படி மாற்றி எழுதுவது?”

அந்த முதல் வரியை உங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு கணக்கு மேலாளராக இருந்து படித்துப் பாருங்கள். புதிய பதிப்பு என்கிறீர்கள். அவர் பழைய பதிப்பையே பார்த்ததில்லை. அற்புத அம்சங்கள் என்கிறீர்கள். அவை என்னவென்று அறிய உங்கள் இணையதளத்தில் இரண்டு நிமிடம் போதும், நாற்பது நிமிடம் உட்கார வேண்டியதில்லை. அழைப்பு மெயில் கேட்பது பணத்தை அல்ல, வேலை நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை. அந்த நேரத்தில் அங்கே இருந்தால் மட்டும் கிடைக்கிற ஏதோ ஒன்று மெயிலில் தெரிய வேண்டும். உங்கள் மெயிலில் அது இல்லை. மொழிநடையை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தக் குறை தீராது.

எழுத உட்காரும் முன் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மார்க்கெட்டிங் குழு மட்டும் கூடிப் பேசினால் அது பெரும்பாலும் கிடைக்காது. மென்பொருளை நிறுவித் தருபவர்களிடமும் சப்போர்ட்டில் இருப்பவர்களிடமும் போய், “டெமோவில் எந்த இடத்தில் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்? எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?” என்று கேளுங்கள். உங்கள் துறையில் வரக்கூடிய பதிலை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிற தொகைகளில் யாருக்கும் பெரிய தலைவலி இல்லை, அதை எக்செலே செய்துவிடும். ஒரு வாடிக்கையாளர் மூன்று இன்வாய்ஸுக்கும் சேர்த்து மொத்தமாகப் பணம் அனுப்புகிறார், விவரக் குறிப்பில் எண் எதுவும் போடுவதில்லை, வழியில் வங்கி தன் கட்டணத்தை வேறு பிடித்துக்கொள்கிறது. வேலை நின்றுபோவது அங்கேதான். இந்த வெபினாரின் காரணம் இது ஒன்றாக மட்டும் இருக்கட்டும். அறிக்கைகள், அனுமதி நிலைகள், மொபைல் செயலி எல்லாம் உங்களிடம் இருக்கலாம், ஆனால் அவை அடுத்தடுத்த மாதங்களுக்கு.

கிடைத்த காரணம் தேறுமா என்று பார்க்க நான் இரண்டு கேள்விகளைப் போட்டுப் பார்ப்பேன். மெயிலிலிருந்து பொருளின் பெயரை எடுத்துவிட்டாலும் வரத் தோன்றுமா? இந்தப் பொருளை வாங்கப் போவதே இல்லை என்று முடிவு செய்துவிட்ட ஒருவருக்கும் அந்த நேரத்தில் ஏதாவது மிஞ்சுமா? இரண்டாவதைக் கேட்டால் விற்பனைக் குழுவுக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனால் அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் இன்னும் வாங்கும் நிலைக்கே வராதவர்கள். அவர்களிடம் விற்பனையை மட்டும் காட்டினால் மெயிலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதை வைத்து உங்கள் மெயிலை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

> தலைப்பு: ஒரே தொகை, மூன்று இன்வாய்ஸ், 250 குறைகிறது
>
> வணக்கம்,
>
> ஒரு வாடிக்கையாளரிடமிருந்து 83,450 வந்திருக்கிறது. விவரக் குறிப்பில் இன்வாய்ஸ் எண் இல்லை. அவர் பெயரில் ஏழு இன்வாய்ஸ்கள் நிலுவையில் இருக்கின்றன. தேடிப் பார்த்தால் 40,000, 25,500, 18,200 மூன்றும் சேர்ந்து 83,700 வருகிறது. குறைகிற 250 வங்கிக் கட்டணமா, வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டதா?
>
> 17ஆம் தேதி புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, இப்படிப்பட்ட வரிகள் கலந்த 200 வரி ஸ்டேட்மென்ட் ஒன்றை எடுத்து, உங்கள் கண்முன்னே பொருத்திக் காட்டுகிறோம். மென்பொருளால் தீர்க்க முடியாமல் ஆள் பார்க்கட்டும் என்று ஒதுக்கி வைக்கும் வரிகளையும் மறைக்காமல் காட்டுவோம். செய்முறை 25 நிமிடம், கேள்விகளுக்கு 15 நிமிடம். நடத்துபவர், வாடிக்கையாளர்களிடம் இதை நிறுவித் தரும் குழுவைச் சேர்ந்தவர்.
>
> உங்களிடம் இப்படிச் சிக்கி நிற்கும் வரி ஏதாவது இருந்தால், பெயரையும் கணக்கு எண்ணையும் நீக்கிவிட்டு இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். 15ஆம் தேதிக்குள் வருபவற்றில் சிலவற்றை அன்றைக்கே எடுத்துப் பார்ப்போம்.
>
> [17ஆம் தேதிக்குப் பதிவு செய்ய]

இதில் பொருளின் பெயரே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அனுப்புநர் பெயரிலும் கீழே கையொப்பத்திலும் அது வந்தால் போதும். முதல் பத்தியில் எண்களைக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. “கணக்குப் பொருத்தத்தில் உங்களுக்குச் சிரமமா?” என்று கேட்டால் அது விளம்பரமாகத் தெரியும். 83,450ஐப் பார்க்கும் கணக்காளரோ தன்னை அறியாமல் கூட்டிப் பார்ப்பார். கூட்டிப் பார்த்துவிட்டாரென்றால் மெயிலுக்குள் வந்துவிட்டார். அதனால் கணக்கு சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். கணக்காளர்களுக்கு அனுப்பும் மெயிலில் கூட்டல் தப்பினால் அப்புறம் வெபினாரே வேண்டாம்.

தீர்க்க முடியாத வரிகளையும் காட்டுவோம் என்ற வாக்கியத்தை உங்கள் மேலாளர் எடுத்துவிடச் சொல்லக்கூடும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன். எல்லா டெமோவிலும் சுத்தமாகத் தயாரித்த தரவைத்தான் ஓட்டுவார்கள் என்பது வருபவர்களுக்குத் தெரியும். ஒரு கருவி எங்கே நின்றுவிடுகிறது என்பதை விலைப்பட்டியலிலிருந்தோ தளத்திலிருந்தோ தெரிந்துகொள்ள முடியாது, நேரில் பார்த்தால்தான் தெரியும். நேரலையில் வந்து உட்காருவதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் மெயிலில் சொன்னால் அன்றைக்கு உண்மையாகவே காட்ட வேண்டும். ஒத்திகையின்போதே அந்த 200 வரிகளில் ஒரு பத்துப் பதினைந்தாவது மென்பொருள் திணறுகிற மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய வரியை அனுப்பச் சொல்வதில் இரண்டு பயன் இருக்கிறது. தன் கேள்வி எடுக்கப்படலாம் என்று காத்திருப்பவர் வராமல் இருப்பது அரிது. தவிர, அப்படி வரும் பதில்கள் உங்கள் அடுத்த அழைப்புக்கான காரணங்களைத் தாமே கொண்டுவந்து தரும். ஒரே ஒரு எச்சரிக்கை: சிலர் எதையும் நீக்காமல் முழு ஸ்டேட்மென்ட்டையே அனுப்பிவிடுவார்கள். அதைத் திரையில் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வந்த வரியை அப்படியே காட்டாமல், அதே அமைப்பில் வேறு எண்கள் போட்டு ஒரு வரியை உருவாக்கிக் காட்டுவதே பாதுகாப்பு.

தலைப்பு வரியில் ‘அழைப்பு’, ‘வெபினார்’, ‘தவறவிடாதீர்கள்’ என்று தொடங்க வேண்டாம். போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும், அந்த இடத்தைக் காரணத்துக்குக் கொடுங்கள். தலைப்பை அடுத்துச் சாம்பல் நிறத்தில் தெரியும் முன்னோட்ட வரியை மெயில் எழுதுபவர்களில் பலர் கவனிப்பதே இல்லை. அதைக் காலியாக விட்டால் ‘இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா?’ என்பது போன்ற ஏதோ ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துவிடும். ‘புதன் 17, 40 நிமிட நேரடிச் செய்முறை’ என்று அங்கே போடுங்கள். இது ஒரு வெபினார் அழைப்பு என்பது அப்போதே புரிந்துவிடும், திறந்தபின் ஏமாந்ததாகத் தோன்றாது. முன்பே பேசிக்கொண்டிருந்த மாதிரி தலைப்பில் ‘Re:’ சேர்ப்பதும், ஆயிரம் பேர் வரக்கூடிய கூட்டத்துக்குக் ‘கடைசி 3 இடங்கள்’ என்பதும் வேண்டாம். ஏமாற்றும் தலைப்பு வரி அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு CAN-SPAM சட்டத்திலேயே தடுக்கப்பட்ட ஒன்று. சட்டம் இல்லாவிட்டாலும், பெறுபவர் ஒரு முறைக்கு மேல் நம்ப மாட்டார்.

இப்போது உங்கள் 40 சதவீதத்துக்கு வருகிறேன். அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஆப்பிள் 2021இல் ஐஓஎஸ் 15ஓடு தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கியிருப்பவர் மெயிலைத் திறக்காவிட்டாலும் அதிலுள்ள படங்களை ஆப்பிளின் சர்வர் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளும், படம் இறங்கியதை வைத்தே எண்ணும் உங்கள் கருவி அதைத் திறந்ததாகக் கணக்கிடும். ஆகவே ‘திறக்கிறார்கள், பதிவு செய்வதில்லை’ என்ற உங்கள் முடிவு பாதி தவறாக இருக்கலாம், அதில் ஒரு பகுதியினர் திறக்கவே இல்லாமல் இருக்கலாம். கிளிக் எண்ணிக்கை இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதிலும் கலப்படம் உண்டு. பெரிய நிறுவனங்களில் பாதுகாப்பு மென்பொருள் மெயில் உள்ளே வரும்போதே எல்லா இணைப்புகளையும் தொட்டுப் பார்க்கும். மெயில் போய்ச் சேர்ந்த சில வினாடிகளில் கிளிக், அன்சப்ஸ்கிரைப் உட்பட எல்லா இணைப்பிலும் கிளிக் என்று பதிவாகியிருந்தால் அது பெரும்பாலும் மனிதர் இல்லை. அப்படிப்பட்டவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

கழித்தபின் கிளிக்கே குறைவாக இருந்தால் குறை மெயிலில்தான், அதாவது காரணத்தில். கிளிக் இருக்கிறது, பதிவு இல்லை என்றால் பதிவுப் பக்கத்தைப் பாருங்கள். நான் பார்த்தவரை அங்கே அடிக்கடி இருக்கும் கோளாறு இரண்டு. ஒன்று, மெயிலில் 83,450ஐப் பார்த்து வந்தவருக்குப் பக்கத்தில் ‘புதிய பதிப்பு அறிமுக விழா’ என்று பெரிய எழுத்தில் தெரியும், தான் தேடி வந்தது இதுதானா என்று அவர் குழம்பிவிடுவார். இன்னொன்று, படிவத்தில் தொலைபேசி எண், ஊழியர் எண்ணிக்கை, வாங்கும் திட்டம் எப்போது என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்கினால், அடுத்த நாள் காலையில் விற்பனை அழைப்பு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர், மெயில், நிறுவனம் போதும். மற்றதை வந்தவர்களிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பதிவு செய்துவிட்டு வராமல் போவதைப் பொறுத்தவரை, பாதிப் பேர் வராததே பெரிய தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். கட்டணமில்லாத ஆன்லைன் நிகழ்ச்சிகளில் அது சாதாரணமாக நடப்பதுதான். குறைக்க வழி இருக்கிறது. பதிவு செய்த உடனே போகும் உறுதிப்படுத்தல் மெயிலில் .ics கோப்பையோ காலண்டரில் சேர்க்கும் இணைப்பையோ வையுங்கள். காலண்டரில் ஏறாத கூட்டம் மறந்துபோகும். வெவ்வேறு நேர மண்டலங்களில் ஆட்கள் இருந்தால் மெயிலில் எந்த மண்டலத்தின் 3 மணி என்று எழுதுங்கள், .ics கோப்பில் UTC நேரத்தைக் கொடுங்கள். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கு மாறும், கையால் மாற்றி எழுதுபவர்கள் அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் தவறுவார்கள். முந்தின நாள் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்று என இரண்டு நினைவூட்டல் போதும். இரண்டிலும் சேரும் இணைப்பு முதல் வரியிலேயே இருக்கட்டும், அதற்குக் கீழே காரணத்தை ஒரே வாக்கியத்தில் மறுபடி சொல்லுங்கள். பதிவு செய்து பத்து நாள் ஆனவருக்கு எதற்காகச் செய்தோம் என்பது நினைவில் இருக்காது.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் துறைக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. செவ்வாய் நல்லதா, வியாழன் நல்லதா என்ற விவாதத்துக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது, அதில் நேரம் செலவிடாதீர்கள். ஆனால் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில், அதாவது மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாட்களிலிருந்து அடுத்த மாதத்தின் முதல் வாரம் வரை, கணக்குப் பிரிவில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. நிகழ்ச்சியை மாத நடுவில் வையுங்கள். அழைப்பை 7 அல்லது 8ஆம் தேதி வாக்கில் அனுப்புங்கள். பொருந்தாத வரிகளோடு மல்லுக்கட்டி அப்போதுதான் முடித்திருப்பார்கள், எரிச்சல் இன்னும் ஆறியிருக்காது. மேலே உள்ள மாதிரியில் 17ஆம் தேதி என்று போட்டது இந்தக் கணக்கில்தான். இது என் அனுபவத்திலிருந்து சொல்லும் அனுமானம், ஒன்றிரண்டு மாதம் செய்து பார்த்து உங்கள் எண்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

வெபினாரின் வீடியோ பதிவை அனுப்பித் தருவோம் என்று மெயிலில் சொல்லலாமா என்பது இதேபோல் இரண்டு பக்கமும் நியாயம் உள்ள கேள்வி. சொன்னால் அதிகம் பேர் பதிவு செய்யலாம், அவர்களில் பலர் நேரலைக்கு வராமல் வீடியோ வரட்டும் என்று இருந்துவிடவும் செய்யலாம். சொல்லாவிட்டால் நேரம் ஒத்துவராதவர்களை இழக்கிறீர்கள். நான் செய்வது, செய்முறைப் பகுதியை மட்டும் பதிவு செய்து அனுப்புவது. கேள்வி நேரத்தைப் பதிவு செய்வதில்லை, அதை மெயிலிலேயே சொல்லிவிடுவேன். வாடிக்கையாளரின் சிக்கலான வரிகளைப் பேசும் இடம் என்பதால் அதைப் பதிவு செய்யாமல் இருக்க நல்ல காரணமும் இருக்கிறது, நேரலைக்கு வர ஒரு காரணமும் கூடுகிறது.

ஏற்கெனவே விலை கேட்டவர்கள், விற்பனைக் குழுவோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் அவர்களுக்கு இந்த மெயிலை அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு ஏழு இன்வாய்ஸ் கதை தேவையில்லை. “உங்கள் சென்ற மாத ஸ்டேட்மென்ட்டின் ஒரு பக்கத்தை அனுப்புங்கள், 30 நிமிடத்தில் அதையே ஓட்டிக் காட்டுகிறோம்” என்று இரண்டே வரியில், பேசிக்கொண்டிருக்கும் விற்பனையாளரின் பெயரிலேயே போகட்டும். அவர்கள் வருவதற்கான காரணம் அவர்கள் தரவுதான்.

பட்டியல் பெரிதாக இருந்தால் எழுத்துக்கு அப்பாற்பட்ட ஒரு வேலையும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மெயில் உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் SPF, DKIM, DMARC அமைப்புகள் மூன்றும் இருக்க வேண்டும், விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. விலகும் வசதிக்கு மெயிலின் ஹெட்டரில் இந்த இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று உங்கள் தொழில்நுட்ப ஆளிடம் கேளுங்கள்:

```
List-Unsubscribe: <https://example.com/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

இவை இல்லாவிட்டால் நல்ல அழைப்பும் ஸ்பேமில் போய் விழலாம். யாருக்கெல்லாம் அனுப்பலாம், முன் சம்மதம் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்ட விஷயம். அதை நான் சொல்வதைவிட, நீங்கள் அனுப்பும் நாடுகளின் சட்டம் அறிந்த ஒருவரிடம் கேட்பதே சரி.

இரண்டு தலைப்பு வரிகளைப் பாதிப் பாதிப் பட்டியலுக்கு அனுப்பி ஒப்பிட நினைப்பீர்கள். செய்யலாம், ஆனால் 600 பேருக்கு ஒன்று, 600 பேருக்கு மற்றொன்று என்று அனுப்பி, ஒரு பக்கம் 14 பதிவு, மறுபக்கம் 9 பதிவு வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த அளவு வித்தியாசம் ஒரே மெயிலை இரண்டு பாதிக்கும் அனுப்பினாலும் வரும். உங்கள் அளவில் தலைப்புச் சொற்களை ஒப்பிடுவதைவிட, இந்த மாதம் ஒரு காரணம், அடுத்த மாதம் முற்றிலும் வேறொரு காரணம் என்று மாற்றிப் பார்ப்பதில்தான் தெளிவு கிடைக்கும். வந்த பதில் மெயில்களையும் படியுங்கள், பத்துப் பேர் எழுதியதில் எண்களைவிட அதிகம் தெரியும்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு, வராதவர்களுக்கு ‘உங்களை எதிர்பார்த்தோம்’ என்று எழுதாதீர்கள். வீடியோ பதிவின் இணைப்பைக் கொடுத்து, மூன்று இன்வாய்ஸ் சிக்கலைத் தீர்க்கும் இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். முழு வீடியோவை யாரும் பார்ப்பதில்லை, அந்த மூன்று நிமிடத்தைப் பார்ப்பார்கள். அவர்களில் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை விற்பனைக் குழுவிடம் கொடுத்தால், அடுத்த டெமோவுக்குத் தனியாக யாரை அழைக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.